மீல் மேக்கருக்கு இல்லாத மகிமையும் இல்லாத பழியும்

ஐம்பதை ஒட்டிய பெண்ணுக்கு இப்போது இரண்டு உபதேசங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாதவிடாய் நிற்கும் காலத்தில் உடம்பு திடீரென்று கொதித்து, முகம் சிவந்து, ரவிக்கை நனைகிறது என்று அவள் சொன்னால் போதும். "ஆளி விதையை வறுத்துப் பொடி பண்ணிச் சாப்பிடு, காலையில் சோயா பால் குடி, ஹாட் ஃப்ளாஷ் பறந்துபோகும்" என்று ஒரு குரல் வரும். அதே பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து குணமாகியிருந்தால் குரல் அப்படியே மாறும்: "மீல் மேக்கர் பக்கமே போகாதே, அதில் ஹார்மோன் இருக்கிறது, நோய் திரும்பிவிடும்." முதலாவது பெரும்பாலும் கைப்பேசிக் காணொளியிலிருந்து வருகிறது. இரண்டாவது மருத்துவமனை வராந்தாவில் ஒரு நோயாளி இன்னொரு நோயாளிக்குச் சொல்வது. சில சமயம் உணவுப் பட்டியலிலேயே அச்சாகி வருவது.

இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை போலத் தோன்றும். உண்மையில் இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். சோயாவும் ஆளி விதையும் ஈஸ்ட்ரோஜனின் மாறுவேடம் என்று நம்புகிறவர்தான் அதை மருந்தென்றும் சொல்கிறார், விஷமென்றும் சொல்கிறார். அந்த நம்பிக்கையே தவறு என்பது என் வாதம்.

சோயாவில் ஐசோஃப்ளேவோன் என்ற பொருள்கள் உள்ளன. ஜெனிஸ்டீனும் டைட்ஸீனும் அவற்றில் முக்கியமானவை. ஆளி விதையில் இருப்பவை லிக்னான்கள். இவற்றின் மூலக்கூறு வடிவம் ஈஸ்ட்ரோஜனை ஓரளவு ஒத்திருப்பதால், உயிரணுவில் ஈஸ்ட்ரோஜன் போய் ஒட்டும் ஏற்பிகளில் இவையும் ஒட்டும். ஆனால் அந்த ஏற்பிகள் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகை. மார்பகத்திலும் கருப்பையிலும் உயிரணுக்களைப் பெருகத் தூண்டுவது பெரும்பாலும் ஆல்ஃபா. ஜெனிஸ்டீன் அதிகம் நாடுவது பீட்டாவை. அங்கும் ஈஸ்ட்ரோஜனின் பலம் அதற்கு இல்லை. போதாக்குறைக்கு, டைட்ஸீனை 'ஈக்வால்' என்ற வீரியமான பொருளாக மாற்றும் வேலையைக் குடலில் வாழும் பாக்டீரியாக்கள்தான் செய்ய வேண்டும். அந்த பாக்டீரியா ஜப்பானியரில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு உண்டு, மேலை நாட்டவரில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையிலானோருக்கு மட்டுமே உண்டு. ஆக, ஒரே கிண்ணம் சோயா இரண்டு பெண்களின் உடம்பில் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். "ஹார்மோன் இருக்கிறது" என்ற இரண்டு சொல்லில் இதெல்லாம் அடங்காது.

முதலில் ஆளி விதை. அதன் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று சுற்றும் நம்பிக்கையின் ஊற்று இன்ன இடம் என்று கைகாட்ட முடிகிற அபூர்வமான கதை அது.

2005இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஒரு சிறு ஆய்வு நடந்தது. ஹாட் ஃப்ளாஷால் அவதிப்பட்ட, ஹார்மோன் மாத்திரை வேண்டாம் என்றிருந்த 30 பெண்களைச் சேர்த்தார்கள். நாளுக்கு 40 கிராம் பொடித்த ஆளி விதை, ஆறு வாரம். முடிவு பிரமாதமாக இருந்தது: சராசரியாக நாளுக்கு 7.3 முறை வந்தது 3.6 ஆகக் குறைந்தது. சரிபாதி! 2007இல் கட்டுரையாக வெளிவந்ததும் செய்தி உலகம் சுற்றியது. இன்றைக்கும் "ஆய்வில் நிரூபணமானது, 50 சதவீதம் குறைந்தது" என்று யாராவது சொன்னால், அநேகமாக அவர்கள் கையில் இருப்பது இந்த 30 பேரின் கணக்குதான்.

அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. எல்லோருக்குமே ஆளி விதை கொடுக்கப்பட்டது. சாப்பிடுவது ஆளி விதை என்பது எல்லோருக்கும் தெரியும். சரிபாதி குறைந்தது என்பது உண்மை. குறைத்தது ஆளி விதையா என்பதற்கு அங்கே விடையில்லை. இதை ஆய்வாளர்களே அறிந்திருந்தார்கள் என்பதுதான் இதில் மெச்சத்தக்கது. அவர்கள் சும்மா இருக்கவில்லை, அடுத்த படிக்குப் போனார்கள்.

அடுத்த ஆய்வில் 188 பெண்கள். மார்பகப் புற்றுநோய் கண்டு குணமானவர்களும் அதில் இருந்தார்கள். இந்த முறை குலுக்கல் முறையில் இரண்டு குழு. ஒரு குழுவுக்கு 410 மில்லிகிராம் லிக்னான் கொண்ட ஆளி விதை பார், தினம் ஒன்று. மற்றதற்குப் பார்வைக்கு அதே மாதிரியான, நார்ச்சத்து உள்ள, ஆனால் ஆளி விதை இல்லாத பார். யாருக்கு எது என்று தின்றவர்களுக்கும் தெரியாது. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், இரண்டு குழுவிலும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான பெண்களுக்குத் தொல்லை பாதியாகக் குறைந்திருந்தது. ஆமாம், இரண்டு குழுவிலும். மதிப்பெண் கணக்கில் ஆளி விதைக் குழுவுக்கு 4.9 குறைவு, மற்றதற்கு 3.5 குறைவு, அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியது என்று புள்ளியியல் சொன்னது. இந்த முடிவு 2012இல் வெளியானது. இதைப் பற்றி எந்தக் காணொளியும் நான் பார்த்ததில்லை. "வேலை செய்யவில்லை" என்ற செய்திக்கு யார் லட்டு பிடிப்பார்கள்?

"பார் வேறு, நம் வீட்டில் வறுத்து அரைத்த பொடி வேறு" என்று ஒரு பதில் வரும். சரி, அதையும் பார்ப்போம். ஆளி விதைக்கு இந்தப் புகழ் வந்ததே லிக்னானால்தான். அந்த லிக்னான் பாரில் குறைவில்லாமல் இருந்தது. மாறாக, நம் வீட்டுப் பொடியின் அளவு என்ன? இட்லிப் பொடியோடு கலந்து ஒரு மேசைக்கரண்டி என்றால் ஏழு கிராம். முதல் ஆய்வில் கொடுத்த 40 கிராமை எட்ட ஐந்தாறு மேசைக்கரண்டி வேண்டும். அதைத் தின்றவர்களில் பாதிப் பேருக்கு வயிறு உப்பியது, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குப் பேதியானது, ஐந்தில் ஒருவர் தாங்க முடியாமல் விலகிக்கொண்டார். ஆளி விதையில் நார்ச்சத்து உண்டு, ஒமேகா 3 கொழுப்பு உண்டு, மலச்சிக்கலுக்கு நல்லது. அதற்காகச் சாப்பிடுங்கள், பொடித்துச் சாப்பிடுங்கள், முழு விதை அப்படியே வெளியேறிவிடும், கூடவே தாராளமாகத் தண்ணீர் குடியுங்கள். உடல் கொதிப்பு தணியும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.

ஒன்றுமில்லாத பாரைத் தின்றவருக்கும் பாதியாகக் குறைந்தது எப்படி என்பதை விளங்கிக்கொள்ளாமல் இந்த விவகாரத்தில் எதையும் விளங்கிக்கொள்ள முடியாது. மூளையின் ஹைப்போதலாமஸில் உடல் வெப்பத்தைக் காக்கும் அமைப்பு இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது அதன் பொறுமை குறைகிறது. துளி வெப்பம் கூடினாலும் பெரிய ஆபத்து போல ரத்தக் குழாய்களைத் திறந்து வியர்வையைக் கொட்டவைக்கிறது. இது நாளுக்கு நாள், வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். ஒரு பெண் மருந்தையோ விதையையோ தேடி ஓடுவது உச்சத்தில் இருக்கும் வாரத்தில்தான். அதற்குப் பிறகு இறக்கம்தானே வரும்? இறக்கத்துக்கான பாராட்டு அந்த வாரம் வாயில் போட்டதற்குப் போய்விடுகிறது. நம்பிக்கை தருகிற ஆறுதல் அதன் மேல் சேர்கிறது. ஹாட் ஃப்ளாஷ் ஆய்வுகளில் வெறும் மாத்திரைக்கே ஐந்தில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைவு காணப்படுவது வழக்கம். "எனக்குக் கேட்டது" என்று சொல்லும் பெண் பொய் சொல்லவில்லை. அவளுக்குக் குறைந்தது நிஜம். காரணம்தான் வேறு.

சோயாவின் நிலை ஆளி விதையை விடச் சற்று மேல். 2012இல் பல சோதனைகளைத் திரட்டிப் பார்த்த ஓர் ஆய்வு, நாளுக்கு ஏறத்தாழ 54 மில்லிகிராம் ஐசோஃப்ளேவோன் எடுத்தவர்களுக்கு, வெறும் மாத்திரை எடுத்தவர்களைக் காட்டிலும் ஹாட் ஃப்ளாஷ் எண்ணிக்கை 20 சதவீதம் போலக் குறைந்தது என்றது. அடுத்த ஆண்டே 43 சோதனைகளை அலசிய காக்ரேன் மதிப்பாய்வு, உறுதியான சான்று இல்லை என்றது. ஜெனிஸ்டீன் மிகுந்த தயாரிப்புகளை மட்டும் மேலும் ஆராயலாம் என்று சிறு கதவைத் திறந்துவைத்தது. 2023இல் வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம், ஹார்மோன் இல்லாத சிகிச்சைகளைப் பற்றிய அறிக்கையில் சோயா உணவையும் சோயாச் சத்தையும் ஈக்வாலையும் 'பரிந்துரைக்கவில்லை' என்ற பட்டியலில் வைத்தது. என் கணிப்பில், சோயா சிலருக்குக் கொஞ்சம் உதவலாம். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று போட்டுப் பார்ப்போம்.

ஒரு பெண்ணுக்கு நாளுக்கு 10 முறை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்தில், எதுவும் இல்லாத மாத்திரையிலேயே அது 7 ஆகக் குறையலாம். சோயா அதற்கு மேல் 2 குறைத்து 5 ஆக்கலாம். அவள் பார்வையில் தொல்லை பாதியாகிவிட்டது. அதில் சோயாவின் பங்கு 2 மட்டும். ஹார்மோன் சிகிச்சையின் கணக்கு வேறு: வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டாலே முக்கால் பங்கு குறைக்கிறது. சில வாரங்களில் தெரியவும் செய்கிறது. சோயாவின் முழு விளைவில் பாதியை எட்டவே மூன்று மாதம் போல ஆகிறது என்று ஒரு கணக்கீடு சொல்கிறது. இரவில் நான்கு முறை எழுந்து நைட்டி மாற்றுகிற பெண்ணுக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல.

இந்த இடத்தில் யாராவது 84 சதவீதம் என்ற எண்ணைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 2021இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு அது. கொழுப்பு குறைந்த முழுச் சைவ உணவும், தினம் அரைக் கப் வேகவைத்த சோயா பீன்ஸும், 12 வாரம். நடுத்தரமான, கடுமையான ஹாட் ஃப்ளாஷ்கள் 84 சதவீதம் குறைந்தன. எண் சரிதான். ஆனால் கலந்துகொண்டவர்கள் 38 பேர். எல்லோருக்கும் தாம் எந்தக் குழு என்று தெரியும். பால், இறைச்சி, எண்ணெய் எல்லாவற்றையும் விட்டார்கள், எடையும் குறைந்தது. எடை குறைந்தாலே ஹாட் ஃப்ளாஷ் குறையும் என்பதற்குத் தனியே சான்று உண்டு. இத்தனையில் சோயாவின் பங்கைப் பிரித்தெடுப்பது எப்படி? அதைவிட எனக்குப் பிடித்த எண் ஒன்று அதே ஆய்வில் இருக்கிறது: உணவில் எதையும் மாற்றாமல் சும்மா இருந்த குழுவுக்கும் 42 சதவீதம் குறைந்தது. அதை மட்டும் யாரும் பகிர்வதில்லை.

சரி, முயன்று பார்க்க விரும்புகிறவரைத் தடுக்க எனக்கு உரிமையில்லை, தேவையுமில்லை. ஆனால் முறையாகச் செய்யட்டும். ஒரு டம்ளர் சோயா பாலில் 25 மில்லிகிராம், 100 கிராம் டோஃபுவில் அதே அளவோ சற்றுக் கூடவோ ஐசோஃப்ளேவோன் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் ஆய்வுகளின் அளவு வந்துவிடுகிறது. மீல் மேக்கரிலும் உண்டு. சோயா எண்ணெயிலும் சோயா சாஸிலும் அநேகமாகக் கிடையாது. ஆல்கஹாலில் கழுவிப் பிரித்தெடுத்த புரதப் பொடிகளில் பெரும்பகுதி போய்விடும். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள், நம்மூரில் இந்த வயதில் அவர்கள் கணிசமானவர்கள், சோயாவை நான்கு மணி நேரம் தள்ளிச் சாப்பிட வேண்டும். காலை ஆறு மணிக்கு மாத்திரை, ஆறரைக்கு சோயா பால் என்றால் மாத்திரை சரியாக உடம்பில் சேராது. பிறகு தைராய்டு குறைந்து வரும் அசதியையும் மெனோபாஸ் கணக்கில் எழுதுவார்கள்.

தொடங்குவதற்கு முன் ஒரு வாரமாவது எண்ணி எழுதி வையுங்கள். ஆய்வுகளில் செய்வதும் இதுதான்: லேசானதற்கு 1, நடுத்தரத்துக்கு 2, கடுமைக்கு 3, மிகக் கடுமைக்கு 4. ஒரு நாளில் மூன்று லேசானது, இரண்டு நடுத்தரம், ஒன்று கடுமை என்றால் மொத்தம் 10. பன்னிரண்டு வாரம் கழித்து அதே மாதிரி ஒரு வாரம் எழுதுங்கள். 10 என்பது 8 ஆகத்தான் குறைந்திருக்கிறது, தூக்கம் இன்னும் கெடுகிறது என்றால், அடுத்த மூன்று மாதமும் அதையே குடித்துக்கொண்டிருப்பதில் பொருளில்லை. மருத்துவரிடம் போக வேண்டிய நேரம் அது.

இனி இரண்டாவது உபதேசம். மார்பகப் புற்றுநோயைக் கடந்த பெண்ணுக்கு சோயா ஆகாது என்ற பயம் வெறும் வதந்தியாகப் பிறந்ததல்ல. சூலகம் நீக்கிய, நோயெதிர்ப்பு இல்லாத எலிகளுக்கு மனித மார்பகப் புற்று உயிரணுக்களைப் பதியனிட்டு ஜெனிஸ்டீன் கொடுத்தபோது கட்டிகள் வளர்ந்தன. அதைப் பார்த்து எச்சரித்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஜெனிஸ்டீனை எலியின் உடம்பு கையாளும் விதம் வேறு. வீரியத்தோடு ரத்தத்தில் திரியும் பங்கு எலியில் மனிதரைவிட மிக அதிகம். சோயா ஆபத்தா என்ற கேள்விக்கு மனிதர்களிடம் கிடைத்த பதிலைப் பயம் இன்னும் கேட்கவில்லை.

ஷாங்காயில் மார்பகப் புற்றுநோய் சிகிச்சை பெற்ற 5042 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009இல் வெளியானது. சோயா அதிகம் உண்டவர்களிடம் மரணமும் நோய் திரும்புதலும் குறைவாகவே இருந்தன, கூடவில்லை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள புற்றுநோய்க்காரர்களிடமும் அப்படித்தான். 2012இல் சீனா, அமெரிக்கா இரண்டையும் சேர்த்து 9500க்கும் மேற்பட்ட பெண்களின் தரவை ஒன்றாக்கிப் பார்த்தபோதும், நாளுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் ஐசோஃப்ளேவோன் உண்டவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாக இருந்தது. இவை கவனித்து எழுதிய ஆய்வுகள், கொடுத்துச் சோதித்தவை அல்ல. ஆகவே "சோயா புற்றுநோயைத் தடுக்கும்" என்று இதிலிருந்து தாவினால் அது இன்னொரு மூடநம்பிக்கை. ஆனால் தீங்கு இருந்திருந்தால் அது இத்தனை பெண்களிடம் எங்காவது தலைகாட்டியிருக்க வேண்டும், காட்டவில்லை. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும் சோயா உணவுகள் பாதுகாப்பானவை என்றே சொல்கிறது. வாரம் இரண்டு நாள் மீல் மேக்கர் குழம்பு வைக்கிற பெண்ணை, கீமோவில் உடம்பு வற்றிய காலத்தில், மலிவான புரதம் ஒன்றிலிருந்து விலக்கி வைப்பதற்கு நியாயமே இல்லை. ஆளி விதைக்கு இவ்வளவு பெரிய கணக்கு கிடையாது. சாப்பாட்டோடு ஒன்றிரண்டு கரண்டி என்பதற்கு மேல் நான் போகமாட்டேன்.

உணவு வேறு, குப்பியில் அடைத்த மாத்திரை வேறு. என் எச்சரிக்கை முழுவதும் அங்கேதான். மருந்துக்கடையிலும் இணையத்திலும் 'மெனோபாஸ் ஆதரவு' என்று விற்கும் ஐசோஃப்ளேவோன் மாத்திரைகள், செந்நிறக் குளோவர் சத்து, கலவை கேப்சூல்கள் எல்லாம் இதில் அடக்கம். நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில், அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்த 140 பெண்களில் ஒரு பாதிக்கு சோயாப் புரதப் பொடி செறிவாகக் கொடுக்கப்பட்டது. சில வாரத்துக்குள்ளேயே, ரத்தத்தில் ஜெனிஸ்டீன் அதிகமான சிலருடைய கட்டியில், உயிரணுப் பெருக்கத்தோடு தொடர்புள்ள மரபணுக்கள் கூடுதலாக இயங்கின. கட்டி வளர்ந்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டித் தெரியாது. இத்தாலியில் ஐந்தாண்டு காலம் நாளுக்கு 150 மில்லிகிராம் மாத்திரை எடுத்த பெண்களில் 3 சதவீதத்துக்குச் சற்று மேலானவர்களுக்குக் கருப்பை உட்சுவர் அளவுக்கு மீறித் தடித்தது. வெறும் மாத்திரை எடுத்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் இத்தகைய மாத்திரைகளால் தீங்கு காணவில்லை என்று சொன்னதை விற்பனையாளர்கள் காட்டுவார்கள். அந்த ஆய்வு ஹார்மோன் சார்ந்த புற்றுநோய் வந்தவர்களைப் பற்றியது அல்ல என்பதைக் காட்டமாட்டார்கள்.

இன்னொன்று: புற்றுநோயைக் கடந்தவர்களுக்கு இந்த மாத்திரையால் பலனும் இல்லை. 2000இலேயே 177 பேரிடம் நாளுக்கு 150 மில்லிகிராம் கொடுத்துச் சோதித்தார்கள். வெறும் மாத்திரையை விட எந்த வகையிலும் மேலாக இல்லை. இல்லாத பலனுக்காக, தெரியாத ஆபத்தை விலைகொடுத்து வாங்குவது இது.

இவர்களுக்குச் சூடு வருவதற்கு மெனோபாஸ் மட்டும் காரணமில்லை. டாமாக்ஸிஃபென், லெட்ரோசோல் போன்ற மாத்திரைகளே அதைக் கொண்டுவரும். தாங்கமாட்டாமல் "ஒரு மாசம் விட்டுப் பார்க்கிறேன்" என்று சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்துகிறார்கள் பாருங்கள், அதுதான் நான் அஞ்சுவது. ஐந்து ஆண்டு டாமாக்ஸிஃபென், ஏற்பி உள்ள மார்பகப் புற்றுநோயில் மரணத்தை 15 ஆண்டு காலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. மீல் மேக்கரைத் தவிர்ப்பதில் கண்ணும் கருத்துமாக இருந்துவிட்டு அந்த மாத்திரையைக் கைவிடுகிற குடும்பங்கள், எதைக் காக்க வேண்டுமோ அதைக் கோட்டை விடுகின்றன.

புற்றுநோய் மருத்துவரிடம் வாயைத் திறந்து சொன்னால் வழி உண்டு. ஹார்மோன் மாத்திரை இவர்களுக்குப் பொதுவாகக் கிடையாது. அப்படிக் கொடுத்துப் பார்த்த ஸ்வீடன் நாட்டுச் சோதனை, நோய் திரும்புவது கூடியதால் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. வென்லாஃபாக்ஸின், காபாபென்டின், ஆக்ஸிபியூட்டினின் போன்ற மருந்துகள் உள்ளன. மனநல ஆலோசகர் வழியான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கும் நல்ல சான்று உண்டு. டாமாக்ஸிஃபென் எடுப்பவருக்குப் பாராக்ஸிடினோ ஃப்ளூவாக்ஸிடினோ எழுதப்பட்டால் மட்டும் கேள்வி கேட்க வேண்டும். டாமாக்ஸிஃபென்னைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் கல்லீரல் நொதியை அவை முடக்கும். டாமாக்ஸிஃபென் காலத்தில் மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் கண்டாலும், சோயா சாப்பிட்டதாலா சாப்பிடாததாலா என்று ஆராயாமல், அந்த வாரத்துக்குள் கருப்பையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

"எங்கள் டாக்டரே சோயா வேண்டாம் என்றாரே" என்பார்கள். அவர் எதைச் சொன்னார் என்று திரும்பக் கேளுங்கள். பல மருத்துவர்கள் மனத்தில் வைத்துச் சொல்வது மாத்திரையை. வீட்டில் வந்து விழுவது குழம்பு. அடுத்த முறை போகும்போது வாங்கிவைத்திருக்கும் குப்பிகளையும் ஆளி விதைக் கேப்சூலையும் அண்ணி கொடுத்த சூரணத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் மேசை மேல் வையுங்கள். மீல் மேக்கர் பொட்டலத்தை வீட்டிலேயே விட்டுச் செல்லலாம்.